ஆயிரத்தில் எத்தனை எழுபத்திரண்டு?

ஆயிரத்தை எழுபத்திரண்டால் வகுக்க வேண்டும். கால்குலேட்டர் வேண்டாம், ஐந்தாம் வகுப்பில் போட்ட மாதிரியே போடுவோம். நூறில் எழுபத்திரண்டு ஒரு தடவை போகும், மீதி 28. பக்கத்துப் பூச்சியத்தை இறக்கினால் 280. அதில் எழுபத்திரண்டு மூன்று தடவை போகும், 216. கழித்தால் 64. இறக்குவதற்கு இனி எதுவும் இல்லை. ஈவு 13, மீதி 64. அதாவது 1000/72 என்ற தகா பின்னம், 13 முழுசும் 64/72-ம் சேர்ந்த கலப்பு பின்னம்.

இந்தக் கணக்கில் வந்த 280, 216, 64 மூன்றையும் ஒரு ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் தேவைப்படும்.

போன மாதம் எதிர்வீட்டுப் பெண் பிளஸ் ஒன் கணக்கு நோட்டோடு வந்தாள். பள்ளியில் பல வருடம் கணக்குப் பாடம் எடுத்தவன் என்பதால் தெருவில் எனக்கு இப்படி ஒரு வேலை நிரந்தரமாக உண்டு. பகுதி பின்னங்கள் பாடம். கணக்கு இதுதான்:

x³ / ((x − 1)(x − 2))

இதைப் பகுதி பின்னங்களாகப் பிரிக்க வேண்டும். பாடத்தை மறந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டினால் 5/6 வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். 5/6-ஐக் கையில் கொடுத்து, "இது எந்த இரண்டு சின்னப் பின்னங்களைக் கூட்டி வந்தது?" என்று கேட்பது அதன் தலைகீழ். கீழே (x − 1)(x − 2) என்று பெருக்கலாக இருந்தால், அதை ஒன்றின் கீழ் x − 1-ம் இன்னொன்றின் கீழ் x − 2-ம் இருக்கும் இரண்டு பின்னங்களாக உடைக்கிறோம். தொகையிடல் போடும்போது இந்த உடைப்பு இல்லாமல் நகர முடியாது. 1/(x − 1)-ஐத் தொகையிட்டால் நேராக மடக்கை வந்துவிடும். உடைக்காத பின்னத்தை அப்படி எடுத்த எடுப்பில் தொகையிட முடியாது. (தமிழில் ஒரு சின்னச் சங்கடம்: பின்னத்தின் கீழே இருப்பதற்கும் 'பகுதி' என்றே பெயர். 'பகுதி பின்னம்' என்பதில் வரும் பகுதி அது இல்லை, துண்டு என்று பொருள். குழப்பம் வராமல் இருக்க இங்கே மேலே, கீழே என்றே பெரும்பாலும் சொல்லிவிடுகிறேன்.)

அந்தப் பெண் கணக்கை முடித்திருந்தாள். x − 1-ஐ விரலால் மறைத்துக்கொண்டு மிச்சத்தில் x = 1 போட்டாள்: 1/(−1), அதாவது −1. பிறகு x − 2-ஐ மறைத்து x = 2 போட்டாள்: 8/1, அதாவது 8. ஆக அவளுடைய விடை:

−1/(x − 1) + 8/(x − 2)

"புத்தகத்துல விடை வேற மாதிரி இருக்கு மாமா. ஆனா என் ஸ்டெப்ல தப்பு எங்கேன்னு தெரியல."

"x-க்கு பூச்சியம் போட்டுப் பாரேன்," என்றேன்.

மூலக் கணக்கில் மேலே பூச்சியம், அதனால் மதிப்பு 0. அவள் விடையில் 1 − 4, அதாவது −3. ஒத்துவரவில்லை, மூன்று குறைகிறது. x = 3 போட்டாள். மூலத்தில் 27/2, அதாவது 13.5. அவள் விடையில் −0.5 + 8 = 7.5. இந்தத் தடவை ஆறு குறைகிறது. x = 10 போட்டபோது மூலம் 1000/72, அதாவது கிட்டத்தட்ட 13.89, அவள் விடை 0.89. பதின்மூன்று குறைகிறது.

0-க்கு 3, 3-க்கு 6, 10-க்கு 13. சற்று நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாத்துலயும் x பிளஸ் த்ரீ குறையுது மாமா!"

புத்தகத்தின் விடை x + 3 − 1/(x − 1) + 8/(x − 2). அவள் கண்டுபிடித்த −1-ம் 8-ம் சரியானவை. முன்னால் நிற்க வேண்டிய x + 3 மட்டும் காணாமல் போயிருந்தது. இந்தத் தவறின் குணம் இதுதான், சத்தமே போடாது. எண்கள் அழகாக வரும், எங்கும் இடிக்காது. மாணவர் நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்.

அந்த x + 3 எங்கே தொலைந்தது? −1/(x − 1) மாதிரியான ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். x பெரிதாகப் பெரிதாக அது தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகும். 8/(x − 2)-ம் அப்படியே. இரண்டையும் கூட்டினாலும் தேயும். மூலமோ எதிர்த்திசையில் போகிறது: x = 1000 என்றால் அதன் மதிப்பு ஏறக்குறைய 1003. தேய்கிற இரண்டு துண்டுகளை எப்படிக் கூட்டினாலும் 1003 வராது. துண்டுகளைக் கூட்டி மறுபடி ஒரே பின்னமாக்கினாலும் இதே கதைதான்: கீழே x² வரும், மேலே அதிகபட்சம் x மட்டுமே வரும். x³ எந்தக் காலத்திலும் வராது.

ஆகையால் பகுதி பின்னமாக உடைக்கக் கூடியது தகு பின்னம் மட்டுமே. எண்களில் தகு பின்னம் என்றால் மேலே இருப்பது கீழே இருப்பதைவிடச் சிறியது. பல்லுறுப்புக் கோவைகளில் சிறியது, பெரியது என்பதைப் படியை வைத்துச் சொல்கிறோம், அதாவது x-இன் உச்ச அடுக்கை வைத்து. மேலே உள்ள படி கீழே உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் நேராக உடைக்கலாம். சமமாக இருந்தாலோ அதிகமாக இருந்தாலோ முதலில் வகுத்தாக வேண்டும். 'சமமாக' என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள். மேலே x² + 1, கீழே (x − 1)(x − 2) என்று ஒரு கணக்கு கொடுத்தால், கீழே x²-ஐக் கண்ணால் பார்க்க முடியாது. இரண்டு சாதுவான x-கள் மட்டுமே தெரியும். மனதுக்குள்ளாவது பெருக்கிப் பார்த்தால்தான் இரண்டு பக்கமும் படி 2 என்பது புரியும். வகுத்தால் ஈவு வெறும் 1 வரும். அந்த ஒன்றை விட்டால், போடுகிற எந்த மதிப்புக்கும் விடை சரியாக ஒன்று குறையும்.

இப்போது வகுத்தலுக்கு வருவோம். கீழே இருப்பதைப் பெருக்கினால் x² − 3x + 2. மேலே x³ மட்டும் இருக்கிறது. அதை x³ + 0x² + 0x + 0 என்று விரித்து எழுதிக்கொள்ள வேண்டும். ஆயிரத்தை எழுதும்போது ஒன்றுக்குப் பக்கத்தில் மூன்று பூச்சியங்களை விட முடியாது அல்லவா, அதே நியாயம் இங்கும்.

```
              x + 3
              ──────────────────
x² − 3x + 2 ) x³ + 0x² + 0x + 0
              x³ − 3x² + 2x
              ──────────────────
                   3x² − 2x + 0
                   3x² − 9x + 6
              ──────────────────
                         7x − 6
```

முதல் அடியில் உச்ச உறுப்புகளை மட்டும் பார்க்கிறோம். x³-ல் x² எத்தனை தடவை போகும்? x தடவை. அந்த x-ஐ மேலே எழுதி, கீழே இருக்கும் மூன்று உறுப்புகளையும் அதால் பெருக்கி, கழிக்கிறோம். 0x²-இலிருந்து −3x²-ஐக் கழித்தால் +3x² ஆகும். 0x-இலிருந்து 2x-ஐக் கழித்தால் −2x. கடைசிப் பூச்சியத்தை இறக்குகிறோம். இப்போது 3x²-ல் x² மூன்று தடவை. பெருக்கிக் கழித்தால் 7x − 6. இதன் படி 1, வகுத்தியின் படி 2. இங்கே நிறுத்த வேண்டும்.

இனி ஓரமாகக் குறித்து வைத்ததை எடுங்கள். மேலே உள்ள வகுத்தலில் x = 10 என்று போடுங்கள். x² − 3x + 2 என்பது 100 − 30 + 2, அதாவது 72. x³ என்பது 1000. ஈவு x + 3 என்பது 13. நடுவில் வந்த 3x² − 2x என்பது 280. அதற்குக் கீழே கழித்த 3x² − 9x + 6 என்பது 216. மீதி 7x − 6 என்பது 64. ஐந்தாம் வகுப்புக் கணக்கு வரிக்கு வரி அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பெண்ணிடம் இதைக் காட்டியபோது கால்குலேட்டரை எடுத்து 13-ஐ 72-ஆல் பெருக்கி, 64 கூட்டி, 1000 வருகிறதா என்று சரிபார்த்தாள். நான் சொன்னதை நம்பவில்லை போலிருக்கிறது. கணக்கில் அது நல்ல பழக்கம்தான்.

எண்களை வகுக்கும் முறையையே பல்லுறுப்புக் கோவைக்குக் கொண்டுவரலாம் என்பது பழைய யோசனை. 12-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் பிறந்த அல்-சமவ்அல், தம் 'அல்-பாஹிர்' நூலில் கெழுக்களை மட்டும் கட்டங்களில் வரிசையாக எழுதி, இல்லாத அடுக்குக்குப் பூச்சியம் போட்டு வகுத்துக் காட்டியிருக்கிறார். அதை எழுதும்போது அவருக்கு வயது 19 என்று சொல்கிறார்கள். இன்று நோட்டில் பிழையாகிற இடமும் பெரும்பாலும் அந்தப் பூச்சியங்கள்தான். 0x²-க்கு இடம் விடாமல் எழுதியவர்கள், அடுத்த அடியில் −3x²-ஐ எதன் கீழே வைப்பது என்று தெரியாமல் கண்ட இடத்தில் வைத்துக் கழிப்பார்கள். இன்னொரு பிழை கழித்தலில் வரும் குறி. எண்களை வகுக்கும்போது குறைக் குறி குறுக்கே வருவதில்லை என்பதால் கை அதற்குப் பழகியிருக்காது; 0 − (−3)-ஐ −3 என்று எழுதிவிடும். அடியிலுள்ள வரியின் குறிகளை முழுக்க மாற்றி எழுதிவிட்டுப் பிறகு கூட்டச் சொல்வார்கள் பழைய ஆசிரியர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

ஒரு இடத்தில் மட்டும் எண்களும் கோவைகளும் பிரிகின்றன. அதே கணக்கில் x = 5 போடுங்கள். x³ என்பது 125, வகுத்தி 12, ஈவு 8, மீதி 29. 12 × 8 = 96, அதோடு 29 சேர்த்தால் 125, கணக்கு சரிதான். ஆனால் மீதி 29 வகுத்தி 12-ஐவிடப் பெரிதாக இருக்கிறதே! ஐந்தாம் வகுப்பு டீச்சர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார், இன்னும் இரண்டு தடவை போகும் என்பார். கோவைகளுக்கு அந்தச் சட்டம் கிடையாது. மீதி சிறியது என்று இங்கே சொல்வது படியை மட்டும் வைத்து. x பெரிதாகும்போது 7x − 6 கடைசியில் x² − 3x + 2-க்கு முன்னால் சிறுத்துத்தான் போகும். 5 மாதிரி சின்ன எண்ணில் அது முந்திக்கொண்டு நிற்கலாம். அதற்காக வகுத்தலை ஒரு படி கூடத் தொடர்ந்தால் ஈவில் 7/x என்று ஒன்று வந்து நிற்கும். அது பல்லுறுப்புக் கோவையே இல்லை.

வகுத்த பிறகு உடைக்க வேண்டியது (7x − 6)/((x − 1)(x − 2)) மட்டும். x − 1-ஐ மறைத்து x = 1 போட்டால் 1/(−1) = −1. x − 2-ஐ மறைத்து x = 2 போட்டால் 8/1 = 8. x³-ஐ வைத்து அந்தப் பெண் கண்டுபிடித்த அதே எண்கள்! தற்செயல் இல்லை. x³ என்பது (x + 3)(x − 1)(x − 2) + 7x − 6. x = 1 போட்டாலும் 2 போட்டாலும் முதல் பெருக்கல் பூச்சியமாகிவிடும்; அந்த இரண்டு இடங்களிலும் x³-ம் 7x − 6-ம் ஒன்றே. மறைக்கிற முறை அந்த இரண்டு இடங்களைத் தவிர வேறெங்கும் பார்ப்பதில்லை. ஆகவே ஈவு அதன் கண்ணில் படாது. அவளுடைய நோட்டில் பிழை சத்தம் போடாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

கீழே ஒரே காரணி இரண்டு தடவை வந்தால் இந்த அமைதி கலைந்துவிடும். x³/(x − 1)² என்ற கணக்கை வகுக்காமல் A/(x − 1) + B/(x − 1)² என்று எழுதிப் பாருங்கள். x³ = A(x − 1) + B ஆக வேண்டும். x = 1 போட்டால் B = 1. சரி. A-க்காக ஒருவர் x = 0 போடுகிறார், A = 1 என்கிறார். பக்கத்தில் இருப்பவர் x = 2 போடுகிறார், அவருக்கு 8 = A + 1, ஆகையால் A = 7. பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். இரண்டு பேருடையதும் தவறு. வகுத்தால் ஈவு x + 2, மீதி 3x − 2. அதை உடைத்தால் 3/(x − 1) + 1/(x − 1)². உண்மையான A மூன்று. போடுகிற எண்ணுக்கு ஏற்ப விடை மாறினால், அது இல்லாத ஒரு சமன்பாட்டை இருப்பதாக எழுதிவிட்டோம் என்பதற்கு அடையாளம். கெழுக்களை ஒப்பிடுகிறவர்களுக்கு எச்சரிக்கை இன்னும் வெளிப்படையாகவே வரும்: இடது பக்கம் ஒரு x³, வலது பக்கம் பூச்சியம், ஆகையால் 1 = 0.

வகுத்தல் என்ற இந்த முதல் அடி மட்டுமே முக்கால்வாசி வேலையை முடித்துவிடுகிற ஒரு கணக்கு உண்டு. 1944-இல் டால்செல் என்பவர் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரையில் வருவது. 2010-ஆம் ஆண்டு ஐஐடி நுழைவுத் தேர்வில் எழுதியவர்களுக்கும் அறிமுகமாகியிருக்கும், அங்கே அது கேள்வியாகவே வந்தது. மேலே x⁴(1 − x)⁴, கீழே 1 + x². இதை 0-இலிருந்து 1 வரை தொகையிட வேண்டும், அதாவது அந்த வளைகோட்டுக்கும் x அச்சுக்கும் நடுவில் இருக்கும் பரப்பைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மேலே படி 8, கீழே 2. மேலே விரித்தால் x⁸ − 4x⁷ + 6x⁶ − 4x⁵ + x⁴. அதற்குப் பின்னால் நான்கு பூச்சியங்கள். x² + 1-ஆல் வகுக்கத் தொடங்கினால் ஒவ்வொரு அடியிலும் ஒரு உறுப்பு போகும், அதற்கு இரண்டு இடம் தள்ளி இருக்கிற உறுப்பில் அதே அளவு கழியும். x⁶ போட்டால் 6x⁶ என்பது 5x⁶ ஆகும். −4x⁵ போட்டால் −4x⁵ என்ற உறுப்பு பூச்சியமாகும். 5x⁴ போட்டால் x⁴ என்பது −4x⁴ ஆகும். அடுத்து x⁵ பூச்சியமாக இருப்பதால் ஈவில் x³ கிடையாது, ஓர் இடம் சும்மா தாண்டுகிறோம். பிறகு −4x², கடைசியாக +4. மீதி −4. ஆக மொத்தம்:

x⁶ − 4x⁵ + 5x⁴ − 4x² + 4 − 4/(1 + x²)

x = 1 போட்டுச் சரிபார்க்கலாம். மூலத்தில் 1 − x பூச்சியம், மதிப்பு 0. இங்கே 1 − 4 + 5 − 4 + 4 = 2, அதிலிருந்து 4/2 போக 0. சரி. மீதியை இதற்கு மேல் உடைக்கத் தேவையில்லை. 1 + x²-க்கு மெய்யெண்களில் ஒருபடிக் காரணிகள் கிடையாது, அதுவே ஒரு பகுதி பின்னம்.

இனித் தொகையிடல். 0-இலிருந்து 1 வரை x⁶-இன் பரப்பு 1/7, x⁵-இன் பரப்பு 1/6, இப்படி அடுக்கோடு ஒன்று கூட்டிக் கீழே போட்டால் போதும். 1/7 − 4/6 + 5/5 − 4/3 + 4. நடுவில் இருக்கும் 4/6-ம் 4/3-ம் சேர்ந்து 2. ஆகையால் 1/7 − 2 + 5, அதாவது 3 1/7. இது 22/7. கடைசித் துண்டு 4/(1 + x²)-இன் பரப்போ சரியாக π. முழுப் பரப்பு 22/7 − π.

மூலத்தைத் திரும்பப் பாருங்கள். 0-க்கும் 1-க்கும் நடுவில் x⁴-ம் (1 − x)⁴-ம் 1 + x²-ம் எல்லாமே நேர்மதிப்பு. ஆகையால் வளைகோடு அச்சுக்கு மேலேதான் இருக்கும், பரப்பு பூச்சியத்தைவிடப் பெரிது. அப்படியானால் 22/7 என்பது π-யைவிடக் கொஞ்சம் அதிகம். எவ்வளவு அதிகம் என்பதும் இதிலிருந்தே கிடைக்கும். 1 + x² அந்த இடைவெளியில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவிலேயே இருக்கிறது. கீழே அது இல்லாமல் மேலே உள்ளதை மட்டும் தொகையிட்டால் 1/630 வரும். எனவே உண்மையான வித்தியாசம் 1/630-க்கும் அதில் பாதியான 1/1260-க்கும் இடையில் இருந்தாக வேண்டும்.

எதிர்வீட்டுப் பெண் இதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். "அப்ப ஆறாம் கிளாஸ்ல இருந்து பைக்கு பதிலா போட்டுட்டிருக்கோமே, அது தப்பா மாமா?" என்று கேட்டாள். கால்குலேட்டரில் 22/7-இலிருந்து π-யைக் கழிக்கச் சொன்னேன். 0.00126 என்று வந்தது. 1 ÷ 630 போட்டாள், 0.00159. 1 ÷ 1260 போட்டாள், 0.00079. நடுவில்தான் இருந்தது.